பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்: எது முன்னே, எது பின்னே?

பினாங்கில் ஆளுநரின் பிறந்தநாள் ஜூலை மாதம் இரண்டாவது சனிக்கிழமையில் கொண்டாடப்படுகிறது. மாநில விருதுப் பட்டியல் வெளியானதும் ஜார்ஜ் டவுன் அச்சகங்களுக்கு ஒரே மாதிரியான வேலை வரத் தொடங்கும். பழைய பெயரட்டையை மேசையில் வைத்து, “இதுல இன்னும் நாலு எழுத்து சேர்க்கணும் தம்பி” என்பார்கள். சேர்ப்பது எளிது. ஏற்கெனவே அங்கே பி.இ., பி.எச்டி., எஃப்.ஐ.இ.எம். என்று ஒரு வரிசை நின்றுகொண்டிருக்கிறதே, புது எழுத்துகள் அதற்கு முன்னால் வருமா, பின்னால் வருமா, நடுவிலா? அங்கேதான் எல்லாரும் தயங்குகிறார்கள். பெரும்பாலும் கடைசியில் கிடைத்தது கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். அது தவறு.

மலேசியாவில் நாம் பின்பற்றும் வரிசை பிரிட்டிஷ் ஆட்சிக்காலப் பழக்கத்தின் தொடர்ச்சி. அதன் அடிப்படை ஒரே கேள்விதான்: இந்த எழுத்துகளை உங்களுக்குக் கொடுத்தது யார்? அரசு கொடுத்தது முதலில் வரும். பல்கலைக்கழகம் கொடுத்தது அடுத்து வரும். தொழில்சார் வாரியமும் சங்கமும் கொடுத்தது கடைசியில் வரும். எதைப் பெற அதிகம் உழைத்தோம், எது அண்மையில் கிடைத்தது என்பதெல்லாம் கணக்கில் சேராது. ஐந்து வருடம் கண்விழித்து எழுதிய முனைவர் பட்டம், சமூகச் சேவைக்காகக் கிடைத்த சிறிய பதக்கத்துக்குப் பின்னால்தான் நிற்கும். சிலருக்கு இது வருத்தம் தருகிறது. ஆனால் வரிசை சொல்வது மதிப்பை அன்று, மூலத்தை.

ஒரு பொறியாளரை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், குமரன் என்று பெயர் வைப்போம். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பி.இ., பிறகு பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், அதாவது யு.எஸ்.எம்.மில், எம்.எஸ்சி.யும் பி.எச்டி.யும் முடித்தவர். மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்றவர். மலேசியப் பொறியாளர் கழகத்தில் முதலில் உறுப்பினராக, அதாவது எம்.ஐ.இ.எம். ஆக இருந்து, பிறகு எஃப்.ஐ.இ.எம். என்ற ஃபெல்லோ நிலைக்கு உயர்ந்தவர். திட்ட மேலாண்மைக்கான பி.எம்.பி. சான்றிதழும் உண்டு. சில வருடங்களுக்கு முன் மாநில அரசின் பி.ஜே.கே. பதக்கம் கிடைத்தது, பிறகு ஜே.பி. ஆனார், இந்த ஜூலையில் டி.எஸ்.பி.என். விருதுடன் டத்தோ ஆகிவிட்டார். ரோட்டரி சங்கத்தில் பி.எச்.எஃப். வேறு. இத்தனையையும் ஒரு காகிதத்தில் கிடைத்த வரிசையில் எழுதிக் கொண்டுவருகிறார்.

முதலில் அரசு கொடுத்தவற்றைப் பிரித்து எடுக்க வேண்டும். டி.எஸ்.பி.என்., பி.ஜே.கே., ஜே.பி. மூன்றும் இந்தக் கூட்டம். இதற்குள் தேதி பார்ப்பதில்லை, தகுதிநிலை பார்க்கிறோம். பினாங்கின் விருதுகளில் உச்சியில் இருப்பது டி.யு.பி.என்.; அதைப் பெறுபவர் டத்தோஸ்ரீ உத்தாமா. அடுத்து டத்தோஸ்ரீ பட்டம் தரும் டி.பி.பி.என். அதன் கீழே டத்தோ பட்டம் தரும் டி.ஜி.பி.என்., டி.எஸ்.பி.என். இரண்டும். பிறகு முன்பட்டம் எதுவும் தராத டி.ஜே.என்., அதற்கும் கீழே பி.கே.டி., பி.ஜே.கே., பி.ஜே.எம். பதக்கங்கள். ஆகவே குமரனுக்கு இந்த ஆண்டு கிடைத்த டி.எஸ்.பி.என். முன்னே போகும், எப்போதோ கிடைத்த பி.ஜே.கே. அதன் பின்னே நிற்கும்.

ஜே.பி. சற்றே வேறு வகை. அது விருது கிடையாது, நியமனம். சமாதான நீதிபதி என்று நம் நாளிதழ்கள் எழுதுகின்றன. அரசு கொடுத்தது என்பதால் பட்டப்படிப்புகளுக்கு முன்னால் வரும். விருது அல்லாததால் விருதுகளுக்குப் பின்னால் வரும். அரசு விருதுகளுக்கும் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கும் நடுவிலுள்ள படியில் அதன் இடம். “டி.எஸ்.பி.என்., பி.ஜே.கே., ஜே.பி.” என்ற வரிசையைப் பினாங்கில் அடிக்கடி பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

இங்கே சிக்கல் வரும் இடம் ஒன்று உண்டு. மாமன்னர் வழங்கும் கூட்டரசு விருது ஒன்றும், உதாரணமாக ஏ.எம்.என்., மாநில டத்தோ விருது ஒன்றும் ஒருவரிடம் இருந்தால் எது முன்னே? கூட்டரசு பெரியது என்று ஏ.எம்.என்.னை முன்னே தள்ளிவிடத் தோன்றும். நடைமுறையில் முன்பட்டம் தரும் விருதே முதலில் எழுதப்படுகிறது. முன்பட்டம் தராதவை அதன் பின்னே வருகின்றன. ஆகவே டி.எஸ்.பி.என்., பிறகு ஏ.எம்.என். அதே நேரம் டான்ஸ்ரீ பட்டம் தரும் பி.எஸ்.எம். போன்ற கூட்டரசு விருது இருந்தால் அது மாநில டத்தோ விருதுக்கு முன்னே போகும். பல மாநிலங்களின் விருதுகளைக் குவித்து வைத்திருப்பவர்களுக்கு அட்டை அடிக்கும்போது மாநிலச் செயலகத்தின் மரபுமுறைப் பிரிவிடம் கேட்டுவிடுவதே நல்லது. அங்கே ஊகம் வேலைக்கு ஆகாது.

பி.ஜே.கே.யைப் பற்றி ஒரு வார்த்தை. இதே மூன்றெழுத்துப் பதக்கம் பினாங்கிலும் உண்டு, சிலாங்கூரிலும் உண்டு. எழுத்தைப் பார்த்து மாநிலத்தைச் சொல்ல முடியாது. டி.எஸ்.பி.என். அப்படியன்று, கடைசி இரண்டு எழுத்தும் பினாங்கின் ‘பங்குவான் நெகிரி’ விருதைக் காட்டிக் கொடுத்துவிடும். டத்தோ என்ற முன்பட்டம் இருக்கும்போது பின்னால் எழுத்துகளும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். எந்த டத்தோ என்பதைப் பின்னால் உள்ள எழுத்துகள்தாம் சொல்கின்றன. விருதுச் சான்றிதழைப் பார்க்காமல் இந்த எழுத்துகளை அச்சிடாத அச்சகங்கள் உண்டு, அது சரியே. 2017ஆம் ஆண்டில் வந்த விருதுகள் தொடர்பான குற்றங்கள் சட்டத்தின்படி இல்லாத விருதை இருப்பதாகக் காட்டிக்கொள்வது தண்டனைக்குரியது.

இனி பல்கலைக்கழகம். பிரிட்டிஷ் வழக்கில் பட்டங்கள் கீழிருந்து மேலே ஏறும்: முதலில் இளநிலை, பிறகு முதுநிலை, பிறகு முனைவர். விருதுகளுக்கு மேலிருந்து கீழே, படிப்புக்குக் கீழிருந்து மேலே. முதன்முறை கேட்பவர்களுக்கு இது முரணாகத்தான் படும். ஆனால் தமிழர்களுக்கு இந்த ஏறுவரிசை பழக்கமானதே. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் ‘பி.இ., எம்.பி.ஏ.’ என்றுதானே போடுகிறோம், மாற்றிப் போடுவதில்லையே. குமரனுக்கு பி.இ., எம்.எஸ்சி., பி.எச்டி. என்று வரும்.

“அப்படியானால் ஆசிரியர்கள் எம்.ஏ., பி.எட். என்று போடுகிறார்களே, அங்கே இளநிலை பின்னால் வருகிறதே” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே இரண்டு தனிப் பாதைகள் இருக்கின்றன. ஒன்று பாடத்தில் பெற்ற பட்டம். இன்னொன்று அதை வைத்துத் தொழில் செய்வதற்காகப் பெற்ற பட்டம். பாடப் பாதை முதலில் முடிந்து, அதன் பிறகு தொழில் பாதை தொடங்குகிறது. வழக்கறிஞர்களின் பி.ஏ., பி.எல். வரிசையும் இப்படிப்பட்டதே. ஏறுவரிசை என்பது ஒரே பாதைக்குள் பார்க்க வேண்டியது.

பட்டத்தை அடுத்து அடைப்புக்குறிக்குள் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும்: பி.இ. (மெட்ராஸ்), பி.எச்டி. (யு.எஸ்.எம்.). எல்லாப் பட்டத்துக்கும் போடுங்கள், இல்லாவிட்டால் எதற்கும் போடாதீர்கள். புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தை மட்டும் அடைப்புக்குள் காட்டி மற்றதை மொட்டையாக விட்டால் பார்ப்பவர் கண் நேராக அந்த மொட்டைக்குத்தான் போகும். முடிக்காத பட்டத்தை எழுதக் கூடாது. முனைவர் பட்ட மாணவர் என்பதைப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் சொல்லும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. அந்தக் காலத்து ‘பி.ஏ. ஃபெயில்’ கதைக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. கௌரவ டாக்டர் பட்டம் படித்துப் பெற்ற பட்டங்களின் வரிசையில் சேராது; எழுதியே ஆகவேண்டுமென்றால் கௌரவம் என்ற குறிப்போடு எழுதுவதே நேர்மை. பணம் கட்டி வாங்கிய ‘டாக்டர்’களைப் பற்றி இங்கே பேச விரும்பவில்லை, நம் சமூக நிகழ்ச்சி நிரல்களைப் புரட்டினாலே போதும்.

மூன்றாவது கூட்டம் தொழில்முறை எழுத்துகள். இதில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன, காரணம் இவை எல்லாம் ஒரே வகை இல்லை. பொறியாளர் வாரியம் என்பது 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு. அது தருவது பதிவு. பொறியாளர் கழகம் 1959இல் தொடங்கிய சங்கம். அது தருவது உறுப்பியம். பதிவு முன்னே, உறுப்பியம் பின்னே. ஆகவே நிபுணத்துவப் பொறியாளர் என்பதைக் குறிக்கும் பி.எங். முதலில், எஃப்.ஐ.இ.எம். அடுத்து. பிரிட்டனிலும் இதே முறைதான்: பட்டயப் பொறியாளரைக் குறிக்கும் சி.எங். முன்னே நிற்கும், சங்கத்தின் எழுத்துகள் அதைத் தொடரும்.

ஒரே சங்கத்தின் இரண்டு நிலைகளைச் சேர்த்து எழுதக் கூடாது. குமரன் தம் காகிதத்தில் எம்.ஐ.இ.எம்., எஃப்.ஐ.இ.எம். இரண்டையும் எழுதியிருந்தார். ஃபெல்லோ ஆனவுடன் அவர் சாதாரண உறுப்பினர் வகுப்பிலிருந்து வெளியேறிவிட்டார். எனவே எம்.ஐ.இ.எம். இப்போது அவருக்கு உரியதே இல்லை. பட்டங்களுக்கு இது பொருந்தாது, எம்.எஸ்சி. வாங்கியதால் பி.இ. மறைந்துவிடுவதில்லை.

இன்னொன்று, இந்த மூன்றாவது கூட்டத்துக்கு ஆயுள் உண்டு. சந்தாவோ ஆண்டுக் கட்டணமோ கட்டாமல் விட்டால் எழுத்துகள் போய்விடும். பி.எம்.பி. சான்றிதழ் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்குள் 60 பயிற்சிப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். பழைய அட்டையைப் பார்த்து அப்படியே மறுபதிப்புப் போடும்போது சரிபார்க்க வேண்டியவை இவைதான். வாரியத்தின் பதிவேட்டை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். சீக்கிரம் காலாவதியாகக் கூடியது வரிசையின் கடைசியில் இருப்பது வசதியும்கூட. பி.எம்.பி. போனால் வால் மட்டும் போகும், நடுவில் ஓட்டை விழாது.

மிச்சம் இருப்பது பி.எச்.எஃப். ரோட்டரி அறக்கட்டளைக்கு 1,000 அமெரிக்க டாலர் நன்கொடை சேரும்போது அளிக்கப்படும் பால் ஹாரிஸ் ஃபெல்லோ அங்கீகாரம் அது. லயன்ஸ் சங்கத்தின் எம்.ஜே.எஃப். இதன் தம்பி. நல்ல காரியத்துக்குக் கொடுத்த பணம், மறுப்பதற்கில்லை. ஆனால் அது அரசு விருதும் இல்லை, படிப்பும் இல்லை, தொழில் தகுதியும் இல்லை. சங்கத்தின் சொந்தக் கடிதத்தாளிலும் மலரிலும் போட்டுக்கொள்ளலாம். அலுவலக அட்டையில் அதற்கு இடமில்லை.

ஆக, குமரனின் முழு வரிசை இப்படி அமைகிறது:

டத்தோ ஐ.ஆர். டாக்டர் குமரன்
டி.எஸ்.பி.என்., பி.ஜே.கே., ஜே.பி., பி.இ. (மெட்ராஸ்), எம்.எஸ்சி. (யு.எஸ்.எம்.), பி.எச்டி. (யு.எஸ்.எம்.), பி.எங்., எஃப்.ஐ.இ.எம்., பி.எம்.பி.

பெயருக்கு முன்னால் உள்ளதையும் கவனியுங்கள். இடமிருந்து வலமாகப் படித்தால் அங்கேயும் அரசு கொடுத்த டத்தோதான் முதலில். நிபுணத்துவப் பொறியாளரைக் குறிக்கும் ஐ.ஆர். அடுத்து வருகிறது, டாக்டர் பெயரை ஒட்டி நிற்கிறது. பின்னால் பட்டத்துக்குப் பிறகு தொழில் வந்தது, முன்னால் தொழிலுக்குப் பிறகு பட்டம் வருகிறது. இதற்குப் பெரிய தத்துவம் ஏதுமில்லை, வழக்கம் அப்படி நிலைத்துவிட்டது. கட்டடக் கலைஞரின் ஏ.ஆர்., அளவையாளரின் எஸ்.ஆர். ஆகியவையும் ஐ.ஆர். நிற்கும் இடத்திலேயே நிற்கும். பேராசிரியராக இருந்தால் மட்டும் அது டத்தோவுக்கும் முன்னால் போய்விடும்: பேராசிரியர் டத்தோ ஐ.ஆர். டாக்டர் குமரன். அடையாள அட்டையில் ஏ/எல், ஏ/பி போட்டுத் தகப்பனார் பெயர் இருந்தால், எழுத்துகள் அந்த முழுப் பெயரும் முடிந்த பிறகே தொடங்க வேண்டும். குமரனின் மனைவி இப்போது டத்தின். அது மரியாதைப் பட்டம் மட்டுமே. அவர் பெயருக்குப் பின்னால் டி.எஸ்.பி.என். வராது. பெண் ஒருவர் தாமே டத்தோ ஆகும்போது கணவருக்கு அந்த மரியாதைப் பட்டமும் கிடையாது.

முழு வரிசை சரிதான், ஆனால் பெயரட்டைக்கு இது அதிகம். நம் ஊர்ப் பெயரட்டை வழக்கமாக 90 மில்லிமீட்டர் அகலம், 54 மில்லிமீட்டர் உயரம். ஒன்பது சுருக்கங்களை அதில் திணித்தால் பெயரைவிட வால் நீளும்; எழுத்தைச் சிறிதாக்கினால் பெரியவர்களால் படிக்க முடியாது. எனவே ஒன்று சொல்லிவிட்டதை இன்னொன்று சொல்கிறதா என்று பார்த்துக் குறைக்க வேண்டும். முன்னால் ஐ.ஆர். இருப்பதால் பின்னால் பி.எங். தேவையில்லை. முன்னால் டாக்டர் இருக்கும்போது பி.எச்டி. வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பிரிட்டிஷ், அமெரிக்க வழக்கங்கள் இரண்டில் ஒன்று போதும் என்கின்றன. நம் நாட்டில் இரண்டையும் போடுகிறார்கள். மற்ற பட்டங்களையும் வரிசையாகக் காட்டும்போது பி.எச்டி.யை மட்டும் உருவிவிட்டால் வரிசை குறைபட்டதுபோல் தெரியும், அப்போது இருக்கட்டும். படிப்பில் பி.எச்டி. ஒன்றை மட்டும் காட்டுவதானால் நான் முன்னால் உள்ள டாக்டரை வைத்துக்கொண்டு பின்னால் உள்ளதை எடுத்துவிடுவேன்.

எதை எடுத்தாலும் மிஞ்சியவற்றின் வரிசை மாறாது. ஆலோசகராக வேலை செய்யும் குமரனின் அலுவலக அட்டையில் ‘டி.எஸ்.பி.என்., ஜே.பி., பி.இ., எம்.எஸ்சி., பி.எச்டி., எஃப்.ஐ.இ.எம்.’ போதும். கோயில் திருவிழா மலரில் வாழ்த்துரைக்கு மேலே ‘டி.எஸ்.பி.என்., பி.ஜே.கே., ஜே.பி.’ மட்டும் போதும்; தேர் இழுக்க வந்தவருக்கு எம்.எஸ்சி. எதற்கு? அச்சில் கவனிக்க வேண்டியது, வரி மடங்கும்போது பி.எச்டி. ஒரு வரியிலும் அதன் அடைப்புக்குறி அடுத்த வரியிலும் பிரிந்துவிடக் கூடாது. முதல் வரியில் விருதுகள், இரண்டாம் வரியில் படிப்பும் தொழிலும் என்று கூட்டம் மாறும் இடத்தில் மடக்கினால் பார்வைக்கும் அழகு, பொருளும் தெளிவு. புள்ளி வைப்பதானால் எல்லாவற்றுக்கும் வையுங்கள், விடுவதானால் எல்லாவற்றுக்கும் விட்டுவிடுங்கள்.

இதே குமரன் பாயான் லெப்பாஸில் ஓர் அமெரிக்க நிறுவனத்தில் இருந்தால் கதை வேறு. 1972இல் அங்கே தடையற்ற தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து பினாங்குப் பொறியாளர்கள் பலர் அமெரிக்க முறை அட்டைகளையும் பார்த்துப் பழகிவிட்டார்கள். அமெரிக்கர்கள் எல்லாப் பட்டங்களையும் அடுக்குவதில்லை, பொதுவாக உச்சப் பட்டம் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதன் பின் தொழில் உரிமம், அதன் பின் சான்றிதழ்: பி.எச்டி., பி.இ., பி.எம்.பி. இங்கே வரும் பி.இ. நம் இளநிலைப் பட்டம் இல்லை, அந்நாட்டுப் பொறியாளர் உரிமம். மெட்ராஸ் பி.இ. படித்தவர் அதைப் பி.எச்டி.க்குப் பின்னால் எழுதி அமெரிக்கருக்கு அட்டை கொடுத்தால் இல்லாத உரிமத்தை இருப்பதாகச் சொன்னதுபோல் ஆகிவிடும். அந்த வரிசையின் தர்க்கம் நிலைப்பு: பட்டம் நிரந்தரம், உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், சான்றிதழ் அவரவர் விருப்பப்படி பெற்றுக்கொள்வது. இரண்டு முறைகளில் எது சரி என்ற விவாதம் வீண். ஒரே அட்டையில் இரண்டையும் கலப்பதுதான் தவறு.

ஆய்விதழில் கட்டுரை வெளியிடும்போது இந்த வரிசை எதுவுமே தேவைப்படாது. பெரும்பாலான பொறியியல் இதழ்கள் ஆசிரியரின் பெயரையும் நிறுவனத்தையும் மட்டுமே கேட்கின்றன. டத்தோவும் இல்லை, பி.எச்டி.யும் இல்லை. மீறி எழுதினால் சிக்கல் வேறு வடிவில் வரும். தரவுத்தளங்கள் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளக் கூடும். பின்னால் ஒட்டிய எழுத்துகளோ முன்னால் உள்ள டத்தோவோ பெயரின் பகுதியாகப் பதிந்துவிட்டால், அவருடைய பழைய கட்டுரைகளும் புதியவையும் இரண்டு வேறு ஆட்களுடையவைபோல் பிரிந்துவிடும். தகப்பனார் பெயரை ஒரு கட்டுரையில் சேர்த்து இன்னொன்றில் விட்டாலும் இதே கதிதான். எனவே ஆய்விதழுக்கு ஒரே வடிவத்தில் வெறும் பெயரைக் கொடுத்து, ஆர்கிட் எனப்படும் 16 இலக்க ஆய்வாளர் எண்ணையும் சேர்த்துவிட வேண்டும். அந்த எண்ணை, இடமிருந்தால், அட்டையின் பின்பக்கத்திலும் போட்டுக்கொள்ளலாம்.